lose, loose: வேறுபாடு ஊகாரத்தில் இல்லை, கடைசி மெய்யில் இருக்கிறது

இயந்திரங்களைப் பராமரிக்கக் கற்றுத்தரும் பயிற்சிக் காணொளிகளுக்கு ஆங்கிலத்தில் பின்னணிக் குரல் கொடுக்கும் வேலை ஒன்றை ஏற்றிருந்தேன். பதிவு முழுவதையும் முடித்து அனுப்பிய பிறகு, ஒரே ஒரு சொல்லின் காரணமாக அது திரும்பி வந்தது. மறுபதிவுக்கான ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையை நானே ஏற்க வேண்டியதாயிற்று. மறுபதிவும் தேறவில்லை என்றபோது ஊதியத்தின் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. அந்த இடைவெளியில் வந்த வேறொரு வேலையும் கைநழுவிப் போனது. பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது, எங்கே குறை என்பதை யாராலும் சொல்ல முடியாமல் போனதுதான். "அந்தச் சொல் சரியாகக் கேட்கவில்லை" என்றார்களே தவிர, எந்த ஒலி, எவ்வளவு, எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்தும், என் குரலையே வெட்டி வெட்டிக் கேட்டும் கண்டுகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் பேசியோ எழுதியோ பிழைக்கும் தமிழர் எவருக்கும் இந்த இடத்தில் கால் இடறக்கூடும்.

சிக்கலுக்குரிய வாக்கியம் இது: Do not lose the lock nut. கழற்றி வைக்கும் லாக் நட் சிறியது, உருண்டோடி விடக்கூடியது, அதைத் தொலைத்துவிடாதீர்கள் என்பதே பொருள். எனக்குத் தரப்பட்ட எழுத்துப் படியிலும் lose என்றே சரியாக இருந்தது. ஆனால் என் குரலைக் கேட்டுச் சப்டைட்டில் எழுதியவர் loose என்று எழுதிவிட்டார். அதைப் படித்துச் சரிபார்த்தவரோ, loosen என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் போலும் என்று எண்ணி, "லாக் நட்டைத் தளர்த்த வேண்டாம்" என்று பொருள் கொண்டார். அதற்கு முந்தைய காட்சியில் அதே நட்டைத் தளர்த்திக் கழற்றும்படி நான் சொல்லியிருந்ததால், காணொளி தனக்குத்தானே முரண்படுகிறது என்று எழுதி மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் எதையும் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டவும் வழியில்லை. lose, loose இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். Losing, loosing இரண்டும் சொற்கள். Loser, looser இரண்டும் சொற்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்தால் சிவப்புக் கோடு விழுவதில்லை.

அப்போது எனக்குக் கிடைத்த அறிவுரை, கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருந்தது: "loose என்பதில் இரண்டு o இருக்கிறது, ஆகவே அது நெடில், நன்றாக நீட்டுங்கள், lose என்பதில் ஒரே ஒரு o, ஆகவே அது குறில், சுருக்கமாகச் சொல்லுங்கள்." தமிழ் படித்து வளர்ந்த காதுக்கு இது உடனே ஏற்புடையதாகிவிடும். கல், கால் என்றும், கொடு, கோடு என்றும் மாத்திரை மாறினால் சொல்லே மாறும் மொழி நம்முடையது. எழுத்தை இரட்டித்தால் ஒலி நீளும் என்று எண்ணுவது நமக்கு இயல்பு. அந்த அறிவுரையின்படியே மறுபதிவு செய்தேன். முன்பாவது lose மட்டும் loose என்று கேட்டது; இப்போது loose பல இடங்களில் lose போலவும், lose எல்லா இடங்களிலும் loose போலவும் கேட்டது. அந்தப் பதிவு திரும்பி வந்த நாளில் எனக்குத் தொழிலையே விட்டுவிடலாமா என்று தோன்றியது. கூடுதல் கவனத்தோடு செய்த ஒன்று முன்னதைவிடக் கெட்டுப்போகிறதென்றால், கவனம் தவறான இடத்தில் இருக்கிறது என்பதை உணர எனக்குச் சில நாள்கள் பிடித்தன.

உண்மை நிலை இதுதான். அகராதியில் இரண்டு சொற்களின் ஒலிப்பையும் எடுத்துப் பாருங்கள்: lose என்பதற்கு /luːz/, loose என்பதற்கு /luːs/ என்று இருக்கும். இரண்டிலும் உயிர் ஒன்றே, நெடில் ஊகாரம். ஒரு o என்பதால் அது குறிலாகவும் இல்லை, இரண்டு o என்பதால் அது கூடுதல் நெடிலாகவும் இல்லை. வேறுபடுவது கடைசி மெய் மட்டுமே. loose என்பதில் வருவது காற்றுச் சீறும் s; lose என்பதில் s என்று எழுதப்பட்டிருந்தாலும் ஒலிப்பது z. தமிழில் எழுதினால் இரண்டுமே லூஸ் என்றுதான் ஆகும். அதனால்தான் நம் மனத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் ஒரே ஒலிவடிவம் பதிந்துவிடுகிறது. ஒலியில் பிரித்தறியாததை எழுத்தில் பிரித்து நினைவில் வைப்பது கடினம், ஆகவே எழுத்திலும் தடுமாறுகிறோம். z நம் மொழியில் இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. பகல் என்பதில் வரும் ககரமும் பக்கம் என்பதில் வரும் ககரமும் வெவ்வேறாக ஒலித்தாலும் நாம் அவற்றை ஓரெழுத்தாகவே கொள்கிறோம். அதிர்ந்து ஒலிப்பதா, அதிராமல் ஒலிப்பதா என்பது தமிழில் இடத்தைப் பொறுத்துத் தானாக அமைவது, அதை வைத்து நாம் சொல்லைப் பிரிப்பதில்லை. ஆங்கிலம் பிரிக்கிறது.

s, z இரண்டுக்கும் நாக்கு இருக்கும் இடம் ஒன்றே, மாறுவது தொண்டை. குரல்வளையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்று நீளமாகச் சொல்லுங்கள்: விரலில் ஒன்றும் தெரியாது. நாக்கை அசைக்காமல், அதே சீறலோடு தொண்டையிலிருந்து ஒரு முனகலைச் சேர்த்தால், பறக்கும் வண்டின் இரைச்சலைப் போன்ற ஒலி எழும், விரலிலும் அதிர்வு தெரியும். அதுதான் z. மாற்றி மாற்றி இரண்டையும் ஒரே மூச்சில் செய்து பழகினால் தொண்டை விரைவில் பிடித்துக்கொள்கிறது. நான் இதோடு நின்றிருந்தால் பாதி வழிதான் வந்திருப்பேன். தனியாகச் சொல்லும்போது அழகாக அதிர்ந்த என் z, வாக்கியத்தில் lose என்ற சொல் இறுதியில் வந்தபோது காணாமல் போனது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் பதிவுகளைக் கேட்டபோது இன்னும் வியப்பாக இருந்தது. அவர்களும் சொல்லின் இறுதியில் z ஒலியை முழுதாக அதிரவிடுவதில்லை, பாதியிலேயே அதிர்வு அடங்கிவிடுகிறது. இருந்தும் கேட்பவர்கள் அதை lose என்று தயங்காமல் புரிந்துகொள்கிறார்கள்.

அவர்கள் எதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்கான விடை, முன்னே நிற்கும் உயிரின் நீளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் s, t, k, f போன்ற அதிராத மெய் பின்னால் வந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் குறுகும். Z, d, g, v போன்ற அதிரும் மெய் வந்தால் உயிர் தன் முழு நீளத்தோடு நிற்கும். சொல்லைத் தனியே நிறுத்திச் சொல்லும்போது, குறுகிய உயிர் முழு உயிரின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். அதாவது, இரண்டு o எழுதப்படும் loose என்பதில்தான் ஊகாரம் குறுகுகிறது; ஒரே ஒரு o எழுதப்படும் lose என்பதில்தான் அது நீள்கிறது. எனக்குக் கிடைத்த அறிவுரை நேர் தலைகீழானது. loose என்பதை நான் நீட்டியபோது, கேட்டவர்களின் காது அந்த நீளத்தையே அடையாளமாகக் கொண்டு lose என்று எடுத்துக்கொண்டது.

1955-இல் பீட்டர் டெனிஸ் என்ற ஒலியியலாளர் use என்ற சொல்லை வைத்து இதையே சோதித்துக் காட்டினார். அந்தச் சொல் பெயராக வரும்போது s ஒலியோடும் வினையாக வரும்போது z ஒலியோடும் முடியும். உயிரின் நீளத்துக்கும் இறுதி மெய்யின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினாலே கேட்பவர்கள் s என்பதை z என்று கேட்கத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய முடிவு. உயிர் நீண்டு மெய் சுருங்கினால் z, உயிர் குறுகி மெய் நீண்டால் s. ஒலி இடம் நோக்கிக் குறுகுவது தமிழருக்குப் புதிதும் அன்று. தலைவன் என்பதில் வரும் ஐகாரம் தன் இரண்டு மாத்திரையில் குறைந்து ஒலிப்பதை ஐகாரக்குறுக்கம் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். எழுத்து மாறுவதில்லை, அளவு மாறுகிறது. loose என்பதன் ஊகாரத்தையும் அப்படியொரு குறுக்கமாக நினைத்துக்கொண்ட பிறகுதான் என் வாய் அதற்குப் பணிந்தது.

இதைப் பயிற்சி செய்ய நான் கண்ட வழியை விரிவாகச் சொல்கிறேன். ஒலித்தொகுப்பு மென்பொருள் ஏதேனும் ஒன்றைத் திறந்து, lose என்பதையும் loose என்பதையும் தனித்தனியே, இடையில் நிறுத்தி, ஒரே வேகத்தில் பதிவு செய்யுங்கள். திரையில் தோன்றும் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கினால், ஊகாரம் ஒரே சீராக மேலும் கீழும் ஏறி இறங்கும் அலைகளாகத் தெரியும். s தொடங்கும் இடத்தில் அந்தச் சீர் கலைந்து, மெல்லிய நூல்கள் நெருக்கமாகச் சிக்கிக் கிடப்பது போன்ற கரடுமுரடான பட்டையாக மாறும். z தொடங்கும் இடத்திலும் அந்தச் சிக்கல் தெரியும், ஆனால் அதன் அடியில் சீரான அலை இன்னும் சற்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சீரான பகுதியை மட்டும் சுட்டியால் தேர்ந்தெடுத்தால் அதன் நீளத்தை மென்பொருளே காட்டும். என் பழைய பதிவில் loose என்பதன் ஊகாரம் lose என்பதைவிட நீளமாக இருந்ததை அந்தத் திரையில்தான் முதன்முதலில் பார்த்தேன். மாதக்கணக்கில் விளங்காத ஒன்று கண்ணெதிரே விளங்கியது. அதன் பிறகு lose என்பதில் ஊகாரத்தை நிதானமாக நீட்டி, இறுதி மெய்யைத் தொட்டும் தொடாமலும் மென்மையாக முடித்தேன். loose என்பதில் ஊகாரத்தைச் சட்டென்று முடித்து, s ஒலியை நீளமாகவும் அழுத்தமாகவும் சீறவிட்டேன். z ஒலியை வலிந்து அதிரவைக்க வேண்டியதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்படிச் செய்தால் இறுதியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு லூசு என்பது போலாகிவிடும். மெய்யில் முடியும் சொல்லோடு உகரத்தைச் சேர்ப்பது நம் நாவின் பழக்கம்.

அப்படியானால் ஒரு o, இரண்டு o என்ற வேறுபாடு எதற்கு என்ற கேள்வி எழும். ஆங்கிலத்தில் oo என்பது நீளத்தைக் காட்டும் குறி அன்று. book, good ஆகியவற்றில் அது குறில் உகரம். Blood, flood ஆகியவற்றில் அது அகரம் போல ஒலிக்கிறது. ஒற்றை o மட்டுமே உள்ள do, who, move ஆகியவற்றிலோ நெடில் ஊகாரம் வருகிறது. lose, loose இரண்டும் வெவ்வேறு வழியாக வந்து ஓரிடத்தில் மோதிக்கொண்ட சொற்கள். lose என்பது பழைய ஆங்கிலத்தின் losian என்ற வினையிலிருந்து வந்தது. அங்கே s இரண்டு உயிர்களுக்கு நடுவில் இருந்ததால் அதிர்ந்து z ஆயிற்று, பின்னால் இருந்த உயிர் தேய்ந்து இன்று ஒலிக்காத e ஆக மட்டும் நிற்கிறது. loose என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த lauss என்ற பெயரடையிலிருந்து வந்தது. அதில் s சொல்லின் இறுதியிலேயே நின்றதால் அதிராமல் தங்கிவிட்டது. அந்தப் பழைய இரட்டை உயிரின் வழிவந்த ஒலிக்குத்தான் oo என்ற எழுத்து அமைந்தது. முறைப்படி வளர்ந்திருந்தால் lose இன்று nose, rose போல ஓகாரத்தோடு ஒலித்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த loose என்பதன் தாக்கத்தால்தான் அது ஊகாரத்துக்கு மாறியிருக்கக்கூடும் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில் இழத்தல் என்ற பொருளிலேயே loose என்ற எழுத்துக்கோவை வருவதும் உண்டு. ஆங்கிலேயரே இன்றும் இதில் தவறுவதற்கு choose என்ற சொல் ஒரு காரணம்: அது oo கொண்டு எழுதப்பட்டாலும் z ஒலியில் முடிந்து lose என்பதோடு எதுகை பிடிக்கிறது.

எழுதும்போது எனக்குக் கைகொடுப்பவை இரண்டே. lose என்பதன் குடும்பம் முழுவதும் ஒற்றை o கொண்டது: lost, loss, losing, loser. பொருளில் இழப்பு இருந்தால் lost என்பதை ஒருமுறை மனத்தில் எழுதிப் பார்த்தால் போதும், யாரும் அதற்கு இரண்டு o போட மாட்டார்கள். ஒலிக்குத் துணையாக lose என்பதை whose என்பதோடும், loose என்பதை goose என்பதோடும் சேர்த்து வைத்துக்கொண்டேன். இரண்டு இணைகளிலும் எழுத்தும் ஒலியும் ஒருசேரப் பொருந்துகின்றன. எழுதி முடித்த எந்தக் கோப்பையும் அனுப்புவதற்கு முன் loos என்ற நான்கெழுத்தைத் தேடும் வழக்கம் இப்போது எனக்கு உண்டு. தேடலில் சிக்கும் ஒவ்வொன்றிலும் முன்னால் உள்ள சொல்லைப் பார்க்கிறேன். will, can, to, do not ஆகியவற்றுக்குப் பின்னால் loose வந்திருந்தால் அது பெரும்பாலும் lose ஆக இருக்க வேண்டியது. too, very, is ஆகியவற்றுக்குப் பின்னால் வந்திருந்தால் loose சரி. let loose என்ற தொடரிலும், அவிழ்த்துவிடுதல் என்ற பொருளில் loose வினையாக வரும் அரிய இடங்களிலும் இந்தச் சோதனை செல்லாது. தளர்த்துதல் என்ற பொருளுக்கு loosen என்ற சொல் தனியே இருப்பதால், இயந்திரக் கையேட்டில் loose வினையாக வந்திருந்தால் எழுதியவரிடம் கேட்டே தெளிவுபடுத்திக்கொள்கிறேன்.

குரல் கொடுப்பவர்கள் எழுத்துப் படியைக் கையில் வாங்கியவுடன் இந்தச் சொற்களுக்கு அடுத்து என்ன எழுத்து வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. lose it, lose oil என்று உயிரெழுத்து தொடர்ந்தால் z அந்த உயிரின் மேல் ஏறி, தெளிவாக அதிர்ந்து கேட்கும்; அந்த இடங்களில் கவலை வேண்டாம். lose the lock nut போன்ற இடங்களில் உயிரை நீட்டினால் போதும். கடினமானவை lose speed, lose suction போல அடுத்த சொல் s ஒலியிலேயே தொடங்கும் தொடர்கள். அங்கே z தன் அதிர்வை இழந்து அடுத்த s ஒலிக்குள் கரைந்துவிடும், உயிரின் நீளம் மட்டுமே மிஞ்சும். அத்தகைய வாக்கியங்களில் lose என்பதற்குப் பின் மிகச் சிறிய இடைவெளி விட்டுச் சொல்கிறேன். அதுவும் செயற்கையாகத் தோன்றினால், lose speed என்பதற்குப் பதிலாக slow down என்று மாற்ற முடியுமா என்று எழுத்தாளரிடம் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். மூன்றாவது பதிவில் அந்த லாக் நட் வாக்கியம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சப்டைட்டில் எழுதியவருக்கு எழுத்துப் படியின் நகலையும் இம்முறை நானே ஒலிக்கோப்போடு சேர்த்து அனுப்பியிருந்தேன்.